ஐந்து எண்கள், நான்கு பாதிகள்

வீதியிலிருந்து எங்கள் பாடசாலைக்கு அறுபத்திரண்டு படிகள். ஓய்வுபெற்று ஒன்பது வருடங்களுக்குப் பிறகு மறுபடியும் அவற்றை எண்ணிக்கொண்டு ஏறினேன். பௌதிகவியல் டீச்சர் பிரசவ விடுமுறையில் போயிருந்தார். அவர் திரும்பும்வரை வந்து உதவுங்கள் என்று அதிபர் கேட்டிருந்தார்.

பன்னிரண்டாம் தரத்தில் இருபத்தொரு பிள்ளைகள். முதலாம் தவணைப் பரீட்சையில் பௌதிகவியலுக்கு முப்பத்தைந்துக்குக் குறைந்தால் விஞ்ஞானப் பிரிவை விட்டுக் கலைப்பிரிவுக்குப் போக வேண்டும். அது அந்தப் பாடசாலையின் பழைய வழக்கம். நான் வேலை செய்த காலத்தில் அதற்கு நானும் கையுயர்த்தியிருக்கிறேன்.

வினாத்தாளை நான்தான் தயாரித்தேன். கடைசி வினா இலேசாக இருக்கட்டும் என்று ஒரு அட்டவணை கொடுத்தேன். ஒரு கதிர்த்தொழிற்பாட்டு மாதிரியின் அரை ஆயுட்காலம் எட்டு நாட்கள். தொடக்கத்திலும் ஒவ்வொரு அரை ஆயுட்காலத்தின் முடிவிலும் எஞ்சிய திணிவு மில்லிகிராமில்: 80, 40, 20, 10, 5. ஐந்து மில்லிகிராம் எஞ்சும்போது எத்தனை அரை ஆயுட்காலங்கள் கழிந்துள்ளன, எத்தனை நாட்கள்? இரண்டும் இரண்டும் நான்கு புள்ளிகள்.

புள்ளித்திட்டத்தை மஹய்யாவையிலுள்ள வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில் எழுதினேன். விரலை வைத்து எண்ணினேன். ஐந்து. ஐந்தெட்டு நாற்பது நாட்கள்.

விடைத்தாள்களில் பதின்மூன்று பேர் நாற்பது என்றுதான் எழுதியிருந்தார்கள். அதனால் எனக்குச் சந்தேகமே வரவில்லை. முப்பத்திரண்டு நாட்கள் என்று எழுதிய சிலரில் ஒருத்தி மடுல்கெல்லத் தேயிலைத் தோட்டத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிற பிள்ளை. அவளுக்கு மொத்தம் முப்பத்திரண்டு புள்ளிகள்.

தாளோடு ஆசிரியர் அறைக்கு வந்தாள்.

"சேர், இது நாலுதானே? எம்பது இருக்கிறப்ப இன்னும் ஒண்ணுமே கொறையலயே."

"அட்டவணையில எத்தனை எண் இருக்கு? எண்ணிப் பாருங்க."

"அஞ்சு இருக்கு சேர். ஆனா மொத எண்..."

"முப்பத்தி நாலு வருசம் இதைத்தான் படிப்பிச்சேன், பிள்ளை. புள்ளிக்காக வாதாட வராதீங்க."

பக்கத்துக் கதிரையிலிருந்த கணித ஆசிரியர் சிரித்தார். "சேர்க்கிட்டயா எண்ணிக்கைக் கணக்குச் சொல்ல வந்தீங்க? அவர் டீயில போடுற சீனியையும் எண்ணுற ஆளு."

எனக்கும் சிரிப்பு வந்தது. அவள் தாளை இரண்டாக மடித்துக்கொண்டு போனாள். அடுத்த திங்கட்கிழமை கலைப்பிரிவு வகுப்பில் உட்கார்ந்திருந்தாள்.

ஏழு வாரங்களுக்குப் பிறகு டீச்சர் திரும்பி வந்தார். பொறுப்பை ஒப்படைக்கும்போது என் புள்ளித்திட்டத்தைப் புரட்டியவர் கடைசிப் பக்கத்தில் நின்றார்.

"சேர், கோவிக்க வேணாம். இது அஞ்சா?"

பென்சிலை எடுத்தார். எண்பதிலிருந்து நாற்பதுக்கு ஒரு அம்புக்குறி. நாற்பதிலிருந்து இருபதுக்கு ஒன்று. இருபதிலிருந்து பத்துக்கு, பத்திலிருந்து ஐந்துக்கு. அம்புகளை எண்ணினேன். மறுபடியும் எண்ணினேன். நான்குதான். பாதியாவது அம்புக்குறியில், நான் எண்ணியது எண்களை. நாலெட்டு முப்பத்திரண்டு நாட்கள். அந்தப் பிள்ளைக்கு முப்பத்தாறு புள்ளிகள்.

அதிபரிடம் நானே போய்ச் சொன்னேன். நாற்பது என்று எழுதிய பதின்மூன்று பேருக்கும் புள்ளி குறைத்துப் பார்த்தோம். யாரும் முப்பத்தைந்துக்குக் கீழே போகவில்லை. என் பிழையால் வெளியே போனது அவள் ஒருத்திதான். "விரும்பினா திரும்பி வரட்டும்" என்றார் அதிபர்.

இடைவேளையில் தண்ணீர்க் குழாயடியில் அவளைக் கண்டேன்.

"நீங்க சொன்னதுதான் சரி. நான்தான் பிழை. நாளைக்கே பழைய வகுப்புக்குப் போகலாம்."

அவள் போத்தலை நிரப்பி மூடியைத் திருகினாள்.

"ஏழு வாரப் பாடம் போயிருச்சே சேர். நோட்ஸ் கொப்பியெல்லாம் அடுத்த லயத்து வீட்டு அக்காவுக்குக் குடுத்திட்டேன். இங்க புவியியல் நல்லாப் போகுது. இனி அங்க வந்து மறுபடியும் பயந்துகிட்டு இருக்க ஏலாது."

"நான் சனிக்கிழமைகள்ல சொல்லித்தாறேன். விட்ட பாடம் ரெண்டு அலகுதான்..."

"வேணாம் சேர்."

மணி அடித்தது. நகரப் போனவள் நின்றாள்.

"சேர், ஒண்ணு மட்டும் செய்வீங்களா? அந்தப் பேப்பர்ல புள்ளிய மாத்தி ஒப்பம் வச்சுக் குடுங்க. நான் படிக்காமத்தான் பெயிலாப் போனேன்னு அப்பா இன்னும் எங்கூடச் சரியாப் பேசல."

மறுநாள் தாளைக் கொண்டு வந்தாள். மடிப்பு விழுந்த இடத்தில் கிழியத் தொடங்கியிருந்தது. முப்பத்திரண்டை வெட்டி முப்பத்தாறு என்று எழுதினேன். ஒப்பம் வைத்தேன். தந்தைக்குப் புரியட்டும் என்று கீழே, "பிழை ஆசிரியருடையது" என்றும் எழுதினேன். நாலுதான் என்று அவள் அன்று ஆசிரியர் அறையிலேயே சொன்னாள். நான் ஒரு நிமிடம் காதுகொடுத்துக் கேட்டிருந்தால் போதும்.