அடித்துவிட்ட தொடை

ராயபுரத்தில் காயம்பட்ட தொழிலாளர்களுக்கான மறுவாழ்வு நிலையத்தில் பிசியோதெரபிஸ்ட் வேலைக்கு மனு கொடுக்கப் போனேன். பம்பாயில் படித்து முடித்த கையோடு வந்திருந்தேன்.

குமாஸ்தா மனுவை வாங்கி, "பதிவு நம்பர் எங்கே? நர்ஸுக்குக்கூட இருக்கே" என்றார். எங்கள் தொழிலுக்கு இந்த ராஜ்யத்தில் பதிவேடே கிடையாது, அதனால்தான் பயிற்சிச் சான்றிதழை வைத்திருக்கிறேன் என்றேன். முகத்தைச் சுளித்துக்கொண்டே மேலே படித்தார். காலை ஷிப்ட், மாலை ஷிப்ட் இரண்டுக்கும் சம்மதம் என்றிருந்ததில் அவருக்கு ஆட்சேபணை இல்லை. கையாண்ட நோயாளிகள் என்ற இடத்தில் பேனா நின்றது. இளம்பிள்ளை வாதக் குழந்தைகள், பக்கவாதம் வந்தவர்கள், இடுப்பும் தொடையும் முறிந்த ஆண்கள் என்று எழுதியிருந்தேன்.

"கமிட்டியில பெரிய மனுஷங்க படிப்பாங்கம்மா. ஒரு பொம்பளை இதையெல்லாம் எழுதலாமா?" என்று இடுப்பையும் தொடையையும் அடித்துவிட்டு, 'ஆண்கள் (கை மட்டும்)' என்று எழுதினார்.

சிகிச்சைக்காகப் பெஞ்சில் ஊன்றுகோலோடு உட்கார்ந்திருந்த துறைமுகத் தொழிலாளி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். மூட்டை விழுந்து தொடை முறிந்தவர்.

"அப்போ நாளைக்கு வரச்சொல்ல தொடைய வூட்லயே வச்சிட்டு வரட்டா நைனா?" என்றார்.

உள்ளே இருந்த டாக்டர் சிரித்துக்கொண்டே வெளியே வந்து, மனுவை வாங்கி, அடித்ததன் மேலேயே 'நியமிக்கலாம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

எனக்கு வேலை வாங்கிக் கொடுத்தது பம்பாய்ச் சான்றிதழ் என்று என் வீட்டில் இன்னும் நம்புகிறார்கள். தொடை என்று அவர்களிடமும் சொல்ல முடியவில்லை.