மாற்று வழி உண்டு

பிரான்ஸில் உள்ள ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியை என்னுடைய செல்போன் சார்ஜர்தான் கவிழ்த்தது என்று ஒரு காலைப்பொழுதில் நான் உளமார நம்பினேன்.

இதைக் கேட்டுச் சிரிக்காதவர்கள் யாருமில்லை. நானே சிரித்துக்கொண்டுதான் சொல்வேன். ஆனால் அன்று காலை எட்டு மணிக்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை, வியர்வைதான் வந்தது. புதுச்சேரியில் இருந்துகொண்டு அந்தக் கம்பெனியின் மருத்துவச் செலவுக் கோரிக்கைகளைப் படித்துச் சரிபார்த்து அனுப்புவது எங்கள் அலுவலகத்தின் வேலை. பிரெஞ்சு தெரிந்தவர்கள் மட்டும்தான் அங்கே உட்கார முடியும். என் வேலை அதைவிடச் சின்னது. கம்ப்யூட்டர் மக்கர் செய்தால் ஓடிப்போய்ப் பார்ப்பது, பெரிதாக ஏதாவது நின்றுபோனால் எல்லோருக்கும் பிரெஞ்சில் அறிவிப்பு எழுதுவது. என்ன கோளாறு, யாருக்குப் பாதிப்பு, அதுவரை என்ன செய்யலாம், எப்போது சரியாகும். நாலே தலைப்பு. எழவுச் சேதி சொல்லியனுப்புவது மாதிரி, அலங்காரம் இல்லாமல் எழுத வேண்டும்.

அன்று போனில் சார்ஜ் இல்லை. சர்வர் அறையில் ஒரு பிளக் பாயின்ட் காலியாக இருந்தது. 'இங்கே வேறு எதையும் சொருகக் கூடாது' என்று மேலே ஒட்டியிருந்த காகிதத்தை எழுதி ஒட்டியவனே நான்தான். சொருகினேன். வெளியே வந்து நாற்காலியில் உட்காருவதற்குள் ஹாலில் இருந்து குரல்கள்: பிரான்ஸ் சர்வருக்குள் நுழைய முடியவில்லை. ஒருவருக்கு இல்லை, அத்தனை பேருக்கும்.

நான் செய்த முதல் காரியம் கோளாறைப் பார்த்ததல்ல. சார்ஜரைப் பிடுங்கியது. இரண்டாவது காரியம், அதைக் கைக்குட்டையால் துடைத்தது. கைரேகை நிபுணர்கள் பாரிஸிலிருந்து விமானம் ஏறிவிட்டார்கள் என்று நினைத்தேனோ என்னவோ. மூன்றாவதாக, அதைச் சாப்பாட்டு டப்பாவுக்குள் தயிர்சாதத்தின் மேல் வைத்து மூடினேன். பிறகு கழிவறைக் கண்ணாடி முன்னால் நின்று, மிகுந்த வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறேன் என்று பிரெஞ்சில் நாலைந்து விதமாகச் சொல்லிப் பார்த்தேன். ஒவ்வொன்றிலும் என் முகம் குற்றவாளி முகமாகவே இருந்தது.

நெட்வொர்க் பார்ப்பவர் சாவகாசமாகத்தான் வந்தார். முத்தியால்பேட்டைக்காரர், அலுவலகம் முழுக்க அவரை பாய் என்றுதான் கூப்பிடும். ஸ்க்ரீனைப் பார்த்துக்கொண்டே உதட்டைப் பிதுக்கினார். நான் ரொம்பச் சாதாரணமாகக் கேட்பதுபோலக் கேட்டேன்.

"ஏன் பாய், சும்மா ஒரு பேச்சுக்கு. ஒரு சார்ஜரு எவ்ளோ கரண்டு இழுக்கும்?"

அவர் திரும்பிப் பார்த்தார். என்னைப் பார்த்தார், டப்பாவைப் பார்த்தார். மூடியிடுக்கில் ஒயர் தொங்கிக்கொண்டிருந்தது.

"யோவ், நீ வீட்ல தூங்கிட்டு இருந்தப்பவே இது போயிடுச்சிய்யா. காலைல அஞ்சரைக்கே போயிருக்கு. இங்க பாரு."

இரவெல்லாம் தானாக இணைப்பைச் சோதித்துக்கொண்டிருக்கும் ஒரு கம்ப்யூட்டர் எங்களிடம் உண்டு. பயத்தில் அதை நான் மறந்தே போயிருந்தேன். அதிகாலை ஐந்தரையிலிருந்து வரிசையாகச் சிவப்பு. நாங்கள் உள்ளே நுழையும் வாசல் பிரான்ஸில் இருக்கிறது. அந்த வாசல் தன்னை இன்னார் என்று நிரூபிக்க ஒரு டிஜிட்டல் சான்றிதழ் வைத்திருக்கும். அதற்குக் காலாவதித் தேதி உண்டு. அங்கே யாரோ அதைப் புதுப்பிக்க மறந்துவிட்டார்கள். இங்கிருக்கும் கம்ப்யூட்டர்கள், இந்த வாசலை நம்ப மாட்டோம் என்று நின்றுவிட்டன. பாரிஸில் அப்போது இன்னும் விடியவே இல்லை. இரவுப்பணி ஆள் போனை எடுத்து, குறித்துக்கொண்டேன், மேலாளர் வந்ததும் சொல்கிறேன் என்று வைத்துவிட்டார்.

நான் நிரபராதி. அந்தச் சந்தோஷத்தில் ஹாலுக்குள் போய், பிரான்ஸுக்கு ஜுரம், இன்று பள்ளிக்கூடம் லீவு என்று அறிவித்தேன். எல்லோரும் சிரித்தார்கள். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த ஒருத்தி மட்டும் சிரிக்கவில்லை.

கனகசெட்டிக்குளத்திலிருந்து பஸ் பிடித்து வருகிறவள். காலாப்பட்டுப் பல்கலைக்கழகத்தில் பிரெஞ்சு படித்துவிட்டு ஒரு தனியார் பள்ளியில் பல வருஷம் பாடம் நடத்தியவள். சம்பளம் கூட வரும் என்று அதை விட்டுவிட்டு இங்கே வந்திருந்தாள். சோதனைக் காலம் அந்த வாரத்தோடு முடிகிறது. தினசரி சராசரி இவ்வளவு கோப்பு என்று ஒரு கோடு உண்டு. கோட்டுக்கு மேலே இருந்தால் நிரந்தரம், கீழே இருந்தால் வீடு. நடுவில் மகனுக்கு டைபாய்டு வந்து அவள் வேலை பின்தங்கியிருந்தது, இப்போதுதான் கோட்டை எட்டிப் பிடித்திருந்தாள். பூஜ்யமாக ஒரு நாள் சேர்ந்தால் கீழே போய்விடும்.

"அண்ணா, இன்னிக்கு நாள கணக்குல சேக்க மாட்டாங்கல்ல?"

"எப்படிம்மா சேப்பாங்க? நான்தான அறிவிப்பு எழுதப் போறேன்" என்று பெரிய மனுஷன் மாதிரி சொன்னேன்.

அதற்குக் காரணம் இருந்தது. எங்கள் ஒப்பந்தத்தில் ஒரு விதி. சிஸ்டம் நின்றுபோய், அறிவிப்பில் 'மாற்று வழி இல்லை' என்று இருந்தால் அந்த நேரம் முழுக்கக் கணக்கிலிருந்து கழிந்துவிடும். 'மாற்று வழி உண்டு' என்று இருந்தால் கழியாது. வழி இருக்கிறதே, வேலை செய்திருக்கலாமே என்று அர்த்தம்.

ஒழுங்காக எழுதினேன். பாதிப்பு: புதுச்சேரி அலுவலகம் முழுவதும், வேலை அடியோடு நிறுத்தம். மாற்று வழி: இல்லை. சரியாகும் நேரம்: தெரிவிக்கப்படும். ஆனால் நான் எழுதலாமே தவிர வெளியிட முடியாது. பாரிஸ் மேலாளர் பார்த்து அனுப்பினால்தான் அது எல்லோருடைய மெயிலுக்கும் போகும். மெயில் வேறு சர்வர், அதற்கு ஒரு கேடும் இல்லை.

பத்தரை மணிக்கு மேல் வந்த அறிவிப்பின் அடியில் என் பெயர் இருந்தது. எழுத்து என்னுடையதல்ல. பாதிப்பு என்ற இடத்தில், சில பயனாளர்களுக்கு இணைப்பில் சிரமம் என்று இருந்தது. அதற்குக் கீழே:

Contournement : passer par l'accès web.

மாற்று வழி, இணையதளம் மூலமாக நுழையவும். சரியாகும் நேரம் பதினொன்று. அடுத்த தகவல் பன்னிரண்டுக்கு. இரண்டும் பாரிஸ் நேரம், அதாவது எங்களுக்கு மதியம் இரண்டரையும் மூன்றரையும். அடைப்புக்குறிக்குள் இருந்த அதைப் படிக்காமல் பாதிப் பேர் பதினொரு மணிக்கு ஓடிவந்து உட்கார்ந்து, ஏமாந்து, மறுபடி டீ குடிக்கப் போனார்கள்.

அவள் டீ குடிக்கப் போகவில்லை. அறிவிப்பில் சொன்ன இணையதளத்தைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அனுமதி இல்லை என்று ஒரு வெள்ளைப் பக்கம். மறுபடி திறந்தாள். மறுபடி அதே பக்கம்.

பாய் வந்து பார்த்துவிட்டு, "இது வராதும்மா. பிரான்ஸுக்குள்ள இருந்து வந்தாத்தான் வுடும். நம்மள வெளிநாடுன்னு தள்ளிடும்" என்றார்.

அவள் என்னைப் பார்த்தாள். "அப்ப ஏன்ணா வழி இருக்குன்னு எழுதினீங்க?"

நான் எழுதவில்லை என்று சொல்லலாம். அடியில் என் பெயர் இருக்கிறது. போனை எடுத்தேன்.

பாரிஸ் மேலாளர் இனிமையான மனுஷி. ஒவ்வொரு வாக்கியத்தையும் 'நன்றாகப் புரிகிறது' என்றுதான் ஆரம்பிப்பார். இணையதளத்தை இப்போதுதான் என் வீட்டிலிருந்து திறந்து பார்த்தேன், அருமையாக வேலை செய்கிறது என்றார். நீங்கள் பிரான்ஸில் இருக்கிறீர்கள் என்று ஞாபகப்படுத்தினேன். நன்றாகப் புரிகிறது என்றார். புதுச்சேரிக்கு மட்டும் அதைத் திறந்துவிட முடியுமா என்று கேட்டேன். பாதுகாப்புப் பிரிவு ஒப்புதல் தர வேண்டும், இரண்டு வேலை நாள் ஆகும். அப்படியானால் மாற்று வழி எங்களுக்குப் பொருந்தாது என்று ஒரு வரி திருத்தி அனுப்புங்கள் என்றேன். ஒரே காலையில் இரண்டு அறிவிப்புப் போனால் வாடிக்கையாளர் பதறுவார், எழுதிக் கொடுங்கள், பன்னிரண்டு மணித் தகவலில் சேர்த்துவிடுகிறேன் என்றார்.

எழுதிக் கொடுத்தேன். என் பிரெஞ்சில் அத்தனை மரியாதையை நான் அதற்கு முன் உபயோகித்ததில்லை. பாய் அந்த வெள்ளைப் பக்கத்தைப் படமெடுத்துக் கொடுத்தார், இணைத்தேன். நகல் எங்கள் மேனேஜருக்கும் போட்டேன். அவர் தன் அறையிலிருந்து எட்டிப் பார்த்து, ஒப்பந்தப் புதுப்பிப்பு நேரத்தில் அவர்களிடம் ரொம்பச் சண்டை போடாதே என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்.

பாரிஸில் பதினொன்று அடித்தது. சரியாகவில்லை. புதுச் சான்றிதழ் வந்துவிட்டது, அதை ஏற்றும் ஆள் மீட்டிங்கில் இருக்கிறார் என்று தகவல். நான் அவள் மேஜைக்குப் போய், "பாரும்மா, சரியாவாம இருக்க இருக்க நமக்கு நல்லது. பன்னெண்டு மணி அறிவிப்பு வந்துட்டா தப்பிச்சோம்" என்று வேடிக்கையாகச் சொன்னேன். வாழ்க்கையிலேயே முதல் தடவையாக ஒரு கோளாறு நீடிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். கம்ப்யூட்டர் ரிப்பேர்காரனுக்கு இதைவிட மோசமான பிரார்த்தனை கிடையாது.

அவள் லேசாகச் சிரித்தாள். அன்று அவள் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

மூன்றரைக்குக் கொஞ்சம் முன்னால் ஹாலில் யாரோ, "வந்துடுச்சி" என்றார்கள். எல்லா ஸ்க்ரீனும் திறந்துகொண்டது. கைதட்டினார்கள். அவள் கைதட்டவில்லை, கீபோர்டைத் தட்ட ஆரம்பித்தாள். நாலு மணிக்கு ஷிஃப்ட் முடியும். அதற்குள் எத்தனை கோப்பு முடியுமோ அத்தனை.

பன்னிரண்டு மணித் தகவல் வரவே இல்லை. சரியாகிவிட்டதால் அதற்குப் பதிலாக முடிவு அறிவிப்பு வந்தது. காலையில் ஏற்பட்ட இணைப்புச் சிரமம் நீங்கியது. மாற்று வழி இருந்ததால் பணிகள் தொடர்ந்து நடைபெற்றன. உங்கள் பொறுமைக்கு நன்றி. அவர்களுக்கு அது ஒரு காலைப்பொழுது, எங்களுக்கு அது முழு நாள். அடியில் மறுபடியும் என் பெயர்.

மறுபடி போன் செய்தேன். மூடிய அறிவிப்பைத் திருத்த முடியாது என்றார் மேலாளர். அவளுடைய விஷயத்தைச் சொன்னேன். நன்றாகப் புரிகிறது என்றார். அது என் பிரிவு இல்லை, ஆள் விஷயத்தை உங்கள் மேனேஜர்தான் பார்க்க வேண்டும் என்றார். மேனேஜரிடம் போனேன். அவர் அறிவிப்பை எனக்கே படித்துக் காட்டினார்.

"மாற்று வழி உண்டுன்னு நீயே போட்டிருக்கியேய்யா. நான் என்னா பண்றது?"

அதற்குச் சொல்ல என்னிடம் ஒரு நல்ல நக்கல் இருந்தது. சொல்லவில்லை. எனக்கும் அந்த வருஷம் ஒப்பந்தம் புதுப்பிக்க வேண்டியிருந்தது.

சாயங்காலம் டப்பாவைத் திறந்தால் தயிர்சாதம் புளித்திருந்தது, சார்ஜர் உள்ளேயே கிடந்தது. கழுவிக் காயவைத்தேன். இன்றைக்கும் வேலை செய்கிறது.

பிரான்ஸில் ஒரு சான்றிதழைப் புதுப்பிக்க மறந்தார்கள், அன்றே புதுப்பித்துக்கொண்டார்கள். அந்த நாள் அவள் கணக்கில் சேர்ந்தது. சராசரி கோட்டுக்குக் கீழே போனது. அவளை நிரந்தரம் செய்யவில்லை.