சின்னையன் சொன்ன குறைகள்

சின்னையன் எங்கள் ஜீவரட்சணைச் சங்கத்துக்கு நாற்பத்தோரு ரூபாய் கடன்பட்டிருந்தான். அவன் குடித்தோ சீட்டாடியோ பட்ட கடன் இல்லை. எல்லாம் அவன் குதிரை தின்ற தீனிக்கும் அதன் புண்ணுக்குப் போட்ட மருந்துக்கும் ஆனது.

செங்கல்பட்டில் சங்கத்தின் கொட்டிலை நடத்துகிறவன் நான். மூன்றாம் வகுப்போடு நின்றுவிட்டேன். தலையில் வைக்கோல் கட்டு சுமந்து ஆரம்பித்தவன் பெயரில் இன்றைக்கு இரண்டு லாரி ஓடுகிறது. கொட்டிலுக்கு ஓடு போட்டது என் காசு. சங்கத்துப் பெரிய மனிதர்கள் கூட்டத்துக்கு வந்து காபி குடித்துவிட்டுப் போவார்கள். நோய்ப்பட்ட மாட்டைத் தூக்கி நிறுத்த என் ஆட்கள்தான் வரவேண்டும். பெருமைக்குத்தான் சொல்கிறேன். பாடுபட்டவன் பெருமைப்பட்டால் என்ன தப்பு?

அதனாலேயே சின்னையனை எனக்குப் பிடிக்கும். அவன் தகப்பன் அடுத்தவன் நிலத்தில் படியாளாக இருந்து செத்தவன். இவன் கால்வயிற்றுக் கஞ்சி குடித்துக் காசு சேர்த்து ஒரு ஜட்காவும் குதிரையும் வாங்கி, ஸ்டேஷன் வாசலில் நின்று, திருக்கழுக்குன்றத்துக்கு யாத்திரைக்காரர்களை ஏற்றிப் பிழைத்தான். குதிரைக்குக் கலெக்டர் என்று பெயர் வைத்திருந்தான். கேட்டால், "யாரு கூவுனாலும் அது மனசு வச்சாத்தான் நவுரும் மொதலாளி. வேற இன்னா பேரு வைக்கிறது?" என்பான்.

பஸ் வந்த பிறகு சவாரி குறைந்தது. 1953-இல் ஒரு திருவிழா நாளன்று, கிடைத்ததை விடக்கூடாது என்று ஏழு பேரை ஏற்றிவிட்டான். சேணத்துக்கு அடியில் குதிரையின் தோளில் உள்ளங்கை அகலம் புண். சங்கத்து இன்ஸ்பெக்டர் வழியிலேயே பிடித்தார். கோர்ட்டில் பத்து ரூபாய் அபராதம் கட்டினான். புண் ஆறும்வரை குதிரை எங்கள் கொட்டிலில் இருக்கவேண்டும், செலவைச் சொந்தக்காரன் கொடுக்கவேண்டும், கொடுக்காவிட்டால் விற்று எடுத்துக்கொள்ளலாம் என்பது சட்டம்.

இங்கேதான் சின்னையன் மாட்டிக்கொண்டான். குதிரை இல்லாமல் சம்பாத்தியம் இல்லை. ஸ்டேஷனில் மூட்டை தூக்கி வாரம் மூன்று ரூபாய் கொண்டுவந்து கட்டுவான். கலெக்டரோ அந்த வாரத்தில் ஐந்து ரூபாய்க்குத் தின்றிருக்கும். புண் ஆறியும் டாக்டர், "இனி இதை வண்டியில் பூட்டக் கூடாது" என்று எழுதிவிட்டார்.

"வண்டி இழுக்காத குதிரைய வச்சிகினு என்னடா செய்வே?" என்று கேட்டேன்.

"வச்சிக்குவேன் மொதலாளி. என்னை வச்சி அது சோறு போட்டுச்சில்ல?"

பாக்கியை நானே கட்டிவிடுகிறேன் என்று சங்கத்துக் காரியதரிசி வக்கீல் பாஷ்யத்திடம் போனேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொன்னார்: "கொட்டிலை நடத்தறவரே தண்டனை வாங்கினவனுக்குப் பணம் கட்டினா, மாஜிஸ்திரேட் என்ன நினைப்பார்? அடுத்த மாசம் எல்லா ஜட்காக்காரனும் உம்ம வாசல்ல நிப்பான்." என் லாரியும் பணமும் அந்த அறையில் ஒன்றுக்கும் உதவவில்லை.

தை மாதம், கொட்டிலில் இடம் போதாமல், உடம்பு தேறிய பிராணிகளை நல்ல இடத்தில் ஒப்படைக்கச் சங்கம் தீர்மானித்தது. நோட்டீசு அச்சடிக்கவேண்டும். மறைக்காமல் எழுதவேண்டும் என்பது என் பிடிவாதம். வைக்கோலில் ஈரம் இருந்தால் ஈரம் என்று சொல்லி விற்று முன்னுக்கு வந்தவன் நான். கிழட்டு எருதுக்கு, "பல் தேய்ந்தது, நறுக்கிய தீனிதான் தின்னும்" என்று எழுதினேன். கழுதைக்கு, "ஒரு காது கிடையாது, குணம் தங்கம்." கறுப்பு நாய்க்கு, "குழந்தைகள் உள்ள வீட்டுக்கு ஆகாது." இவற்றுக்கு விலை இல்லை. கலெக்டரை மட்டும் மாஜிஸ்திரேட் உத்தரவுப்படி அறுபது ரூபாய்க்குக் குறையாமல் விற்கவேண்டும். விற்பதற்கு முன் முழுப் பாக்கியையும் கட்டினால் சின்னையனே ஓட்டிக்கொண்டு போகலாம்.

அதன் குறைகளைச் சொல்ல அவனைத்தான் கூப்பிட்டேன். அவன் முகம் மலர்ந்துபோயிற்று.

"எய்திக்கங்க மொதலாளி. இடது கண்ணு மங்கல். தெரியாதவன் கிட்டப் போனா கடிக்கும். ரயிலு ஊதுனா மெரளும். காயுற புடவைய இஸ்து தின்னும். கள்ளுக்கடை மூடி எத்தினி வருசமாச்சு, இன்னும் அந்த எடம் வந்தா நின்னுக்கும்."

"இதுவும் எழுதணுமாடா?"

"எல்லாத்தையும் போடுங்க. இதப் படிச்சிட்டு எந்தக் கிறுக்கன் வருவான்? அதுக்குள்ள நான் டப்பு பொரட்டிடுவேன்."

எனக்கும் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. ஒன்றுவிடாமல் எழுதினேன். பெயரை மட்டும் பாஷ்யம் அடித்துவிட்டார். ஜில்லா கலெக்டர்தான் சங்கத்துக்குத் தலைவர். அடியில் நிபந்தனைகள்: ஓடோ கீற்றோ போட்ட கொட்டகை இருக்கவேண்டும், வண்டியிலோ ஏரிலோ பூட்டக் கூடாது, மறுபடி விற்கக் கூடாது, சங்கத்து ஆள் மாதம் ஒருமுறை வந்து பார்ப்பார், பிராணி வதைக்குத் தண்டனை பெற்றவர்களுக்கு இல்லை. பார்வை நேரம் காலை எட்டு முதல் பத்து, மாலை நாலு முதல் ஆறு. டாக்டர் வரும் வெள்ளிக்கிழமை கிடையாது.

சின்னையன் தினமும் மாலைப் பார்வை நேரத்துக்கு வந்துவிடுவான். வந்தவர்களோடு வரிசையில் நின்று, தன் குதிரையைத் தானே பார்த்துவிட்டுப் போவான். யாராவது கிட்டே போனால், "கடிக்கும் சாமி, கடிக்கும்" என்று அவனே விலக்குவான். ஒரு ஆள் பயந்து ஓடியே போனார். அன்றைக்கு இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். வாரம் கட்டுவதை நிறுத்தி, அங்கே இங்கே புரட்டி, அன்றுவரை அவன் கையில் முப்பது ரூபாய் சேர்த்திருந்தான். பாக்கி ஐம்பதைத் தாண்டியிருந்தது.

ஒரு சனிக்கிழமை சதுரங்கப்பட்டினத்திலிருந்து சௌந்தரவல்லி அம்மாள் வந்தார். பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். அந்த ஊர்க் கோட்டைக்குப் பக்கத்தில் தென்னந்தோப்பு, கீற்றுக் கொட்டகை, கிணறு. கையில் எங்கள் நோட்டீசு.

"கடிக்கும்மா," என்றான் சின்னையன்.

"தெரியும்ப்பா. போட்டிருக்கே," என்றவர் என்னைப் பார்த்தார். "நாலு வருஷமா ஒரு வாயில்லா ஜீவனை வச்சுக் காப்பாத்தணும்னு தேடறேன். விக்கறவா எல்லாரும் தங்கம், வைரம்னுதான் சொல்றா. இத்தனை குறையையும் ஒளிக்காம எழுதினது நீங்கதான். எங்க ஊர்ல ரயில் கிடையாது, மிரளாது. புடவையை நான் உள்ளே காயப்போட்டுக்கறேன்."

அறுபது ரூபாயை மேசையில் வைத்தார். நிபந்தனை ஒவ்வொன்றையும் நான் வாசித்தேன். எதிலாவது இடறுவாரா என்று பார்த்தேன். எதிலும் இடறவில்லை. எழுதியவன் நான், என்னிடம் மறுக்க ஒரு காரணமும் இல்லை.

சின்னையன் என் பக்கத்தில் வந்து தாழ்ந்த குரலில், "திங்கக்கெழமைன்னு சொல்லுங்க மொதலாளி. முப்பது கீது. மீதிய எங்கியாவது..." என்றான். மாஜிஸ்திரேட் உத்தரவில் திங்கட்கிழமை என்று ஒன்றும் இல்லை. முழுப் பணத்தோடு யார் முதலில் நிற்கிறார்களோ அவர்களுக்கு.

ரசீது கிழித்தேன். அம்மாள் கயிற்றைப் பிடிக்கப் போனார். கலெக்டர் கடிக்கவில்லை. அம்மாள் மங்கல் கண் பக்கமாகப் போகாமல் நல்ல கண் பக்கமாகப் போய், பெயர் என்ன என்று மட்டும் கேட்டார். சின்னையன் சொன்னான். அம்மாள் சிரித்துவிட்டு அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். குதிரை நகரவில்லை. சின்னையன்தான் அதன் கழுத்தில் தட்டி, "போடா, போ," என்றான். அதற்குப் பிறகு நகர்ந்தது.

"அம்மா, நான் அங்க வந்து பாக்கலாமா? எத்தினி மணிக்கு வரலாம்?"

"கொஞ்ச நாள் வேண்டாம்ப்பா. உன்னைப் பார்த்தா அது ஏங்கும். நன்னாப் பழகட்டும்." கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. குதிரை வைத்திருந்த யாரைக் கேட்டாலும் அதையேதான் சொல்லியிருப்பார்கள்.

குதிரை ஏரிக்கரைத் திருப்பத்தில் மறையும்வரை இருவரும் நின்றோம். பிறகு அவனை உள்ளே கூப்பிட்டேன். விற்ற பணத்தில் பாக்கி போக மிஞ்சுவது சொந்தக்காரனுக்குச் சேரவேண்டும். பாக்கி ஐம்பத்து மூன்று ரூபாய் பத்தணா ஆகியிருந்தது.

"எனக்கு எதுக்கு மொதலாளி?"

"உன் குதிரை சம்பாதிச்சதுடா. பிடி."

கையை வேட்டியில் துடைத்துவிட்டு நீட்டினான். தொடர்ந்து கடிவாள வார் பிடித்துக் காய்த்துப்போன கை. என் கையால் நான் எத்தனையோ ஆயிரம் எண்ணியிருக்கிறேன். அன்றைக்கு எண்ணிக்கை இருமுறை தவறியது. ஆறு ஒற்றை ரூபாய் நோட்டு, அதன்மேல் ஆறணாச் சில்லறை. அவன் விரலை மடக்கவே இல்லை.