இரண்டு சர்வர்களுக்கு நடுவே இசக்கி அண்ணாச்சி

ஜான்சி பிறந்து வளர்ந்தது தாராவியில், இசக்கி அண்ணாச்சியின் கார்கானா என்னும் தோல்பைப் பட்டறைக்குப் பின்சந்தில். மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் படித்தாள். பிறகு டிப்ளமோ முடித்து, செம்பூரில் ஒரு சின்ன சாஃப்ட்வேர் கம்பெனியில் வாடிக்கையாளர்களின் போனை எடுக்கும் வேலைக்குச் சேர்ந்தாள். பக்கத்து மேஜைக்காரர்கள் செய்வதைப் பார்த்தும் கேட்டும், இணையதளங்களை ஓட்டும் சர்வர் கணினிகளைப் பராமரிக்கும் வேலையைப் பழகிக்கொண்டாள். அவர்கள் பெரிய கம்பெனிகளுக்குப் போய்விட, கடைசியில் அந்த வேலை முழுவதும் அவள் தலையில் வந்து விழுந்தது. கணவன் ஜெபாவோடு ஆண்டாப் ஹில்லில் குடியிருந்தாள். தாராவிப் பக்கம் போவது வாரத்துக்கு ஒருமுறை, மீன் வாங்க.

தாராவித் தோல்பைகளைத் தரகர்கள் இல்லாமல் நேராக வாங்குபவரிடம் விற்க ஒரு இணையதளம் போடலாம் என்று முதலாளி ஆதித்யன் சொன்னபோது, கார்கானாக்காரர்களிடம் அவரைக் கூட்டிப்போனவள் ஜான்சிதான். ஆதித்யன் மாட்டுங்காவில் பிறந்தவர், பேச்சில் பாதி இங்கிலீஷ். அவர் சொன்ன எதுவும் அவர்களுக்கு ஏறவில்லை. இசக்கி ஜான்சியைப் பார்த்து ஒரே கேள்விதான் கேட்டார்.

"ஏ பிள்ள, இது ஒழுங்கா நடக்குமா?"

"நடக்கும் அண்ணாச்சி. நான்தான பாத்துக்கிடுதேன்."

"அப்பச் சரி. நம்ம பிள்ள சொல்லுது." அவர் சேர்ந்ததும் சந்துக்குச் சந்து மற்றவர்களும் சேர்ந்தார்கள்.

இசக்கிக்கு ஒரு கூட்டாளி உண்டு, தளவாய். இருவரும் ஒரே ரயிலில் பம்பாய் வந்தவர்கள். தோலை வெட்டுவதும் தையலைப் பார்ப்பதும் தளவாய், ஆர்டரும் கணக்கும் இசக்கி. தளவாயின் மகன் கோவண்டியில் தனியாக ஒரு பட்டறை போட ஆசைப்பட்டுக்கொண்டிருந்தான். அது இசக்கிக்கும் தெரியும். இருவரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

முதல் வருடம் எல்லாம் நன்றாகவே போயிற்று. தீபாவளி நெருங்கியதும் ஆபீஸ்களுக்குப் பரிசுப் பைகள் வேண்டுமென்று ஆர்டர்கள் குவிந்தன. ஒரே சர்வர் தாங்காமல் திணறியது. ஆதித்யன் இரண்டாவது சர்வர் ஒன்றை எடுக்கச் சொன்னார். தளத்துக்கு வரும் ஆட்களை இரண்டுக்கும் பங்கிட்டு அனுப்ப முன்னால் ஒரு லோடு பேலன்சரும் வைக்கச் சொன்னார். வாடகை மிச்சமாக, கூட்டம் ஏறும்போது மட்டும் இரண்டாவது சர்வர் தானாக எழுந்துகொள்ளும், கூட்டம் குறைந்ததும் நின்றுவிடும். அதையெல்லாம் அமைத்தது ஜான்சிதான். காலையில் உள்ளே போய்ப் பார்த்தாள், பத்துப் பதினைந்து பக்கங்களைத் தட்டிப் பார்த்தாள். ஒரு குறையும் இல்லை.

அந்த வாரத்திலேயே இசக்கி போன் செய்தார்.

"தாயி, உள்ள போனா வெளிய தள்ளுது. மறுபடியும் பேரக் கேக்கு, பாஸ்வேர்டக் கேக்கு. குடுத்தா உள்ள விடுது, ஒரு பக்கம் தாண்டுனா மறுபடியும் தள்ளுது."

ஜான்சி தன் கணினியில் உள்ளே போய்ப் பார்த்தாள். நன்றாகத்தான் இருந்தது. சர்வரில் பிழை ஏதும் பதிவாகியிருக்கிறதா என்று தேடினாள். ஒன்றும் இல்லை.

"இங்க சரியா இருக்கே அண்ணாச்சி. நெட்டு கோளாறா இருக்கும்."

அடுத்த நாளும் போன் வந்தது, அதற்கடுத்த நாளும். வேறு கார்கானாக்காரர்களும் அழைத்தார்கள். ஒருவர் மத்தியானம் என்றார், ஒருவர் சாயங்காலம் என்றார், ஒருவர் தனக்கு அப்படி நடக்கவே இல்லை என்றார். போனில் பதில் சொல்ல கம்பெனியில் பொதுவாக ஒரு தாள் வைத்திருந்தார்கள். திடீரென்று வெளியே தள்ளப்பட்டால் என்ன சொல்வது என்பதற்கு அதில் ஒரு வரி இருந்தது. நாலு பக்கமும் வேலை நெருக்கிய ஒரு மத்தியானத்தில், இசக்கியிடம் அதையே ஒப்பித்தாள்.

"வேற யாராவது உங்க பேர்ல உள்ள போயிருக்கலாம் அண்ணாச்சி. அப்ப உங்கள வெளிய தள்ளும். பாஸ்வேர்ட மாத்திப் பாருங்க."

"வேற யாராவதுன்னா?"

"பாஸ்வேர்டு தெரிஞ்ச யாராவது."

பாஸ்வேர்டு தெரிந்தவர் இன்னொருவர்தான் இருந்தார். இசக்கி அன்றே மாற்றினார். அடுத்த நாள் ஞாயிறு, கூட்டமில்லாத நாள், யாரும் அவரை வெளியே தள்ளவில்லை. திங்களன்று காலையிலும் தள்ளவில்லை. சாயங்காலம் மறுபடியும் தள்ளியது. எதிரே உட்கார்ந்து தோலைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்த தளவாயைப் பார்த்தார் இசக்கி. புது பாஸ்வேர்டை நாம் தட்டும்போது இவன் நம் விரலைப் பார்த்திருக்கிறான் என்று நினைத்துக்கொண்டார். வாயைத் திறந்து ஒன்றும் கேட்கவில்லை.

ஒரு வங்கியிலிருந்து பெரிய ஆர்டர் வந்தது. ஏற்றுக்கொள்ள மூன்று பக்கங்களை நிரப்ப வேண்டும். எத்தனை பை, என்ன விலை, எந்த நாளில் தருவது. இரண்டாம் பக்கத்திலேயே தளம் இசக்கியை வெளியே தள்ளியது. திரும்பப் போனால் முதலில் நிரப்பியதும் போயிருந்தது. சாயங்காலம் முழுக்கப் போனில் ஒற்றை விரலால் தட்டிக்கொண்டே இருந்தார். கெடு முடிந்ததும் ஆர்டர் தானாக ரத்தாயிற்று. அப்போது எழுந்தவர், பை தைக்கும் காரிகர்கள் எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டார்.

"கோவண்டிக்கு ஆர்டரைக் கடத்துதியோல? நான் உள்ள போவ, நீ வெளிய தள்ள, நல்லா வெளாடுதே!"

தளவாய்க்கு ஒன்றும் புரியவில்லை. புரிந்ததும் முகம் கறுத்தது. "நான் இல்ல" என்று மட்டும் சொன்னார்.

"ஜான்சியே சொல்லுச்சுல. பாஸ்வேர்டு தெரிஞ்சவந்தான்னு."

தளவாய் கையிலிருந்த தோலைக் கீழே வைத்தார். வாரம் முடிவதற்குள் தன் பங்குத் தையல் மிஷின்களை டெம்போவில் ஏற்றிக்கொண்டு கோவண்டிக்குப் போய்விட்டார்.

இது எதுவும் அப்போது ஜான்சிக்குத் தெரியாது. போன்கள் ஓயவில்லை என்பது மட்டும்தான் தெரியும். ஒரு நாள் சாயங்காலம், கூட்டம் ஏறும் நேரத்தில், இரண்டு சர்வர்களின் பதிவுகளையும் அக்கம்பக்கமாகத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். இந்த முறை பிழையைத் தேடவில்லை. ஒரே ஓர் ஆளைப் பின்தொடர்ந்தாள். அவர் முதல் சர்வரில் பாஸ்வேர்டு கொடுத்து உள்ளே வந்தார். அடுத்த தட்டலை லோடு பேலன்சர் இரண்டாவது சர்வருக்கு அனுப்பியது. அது அவரை லாகின் பக்கத்துக்குத் திருப்பிவிட்டது. அங்கே மறுபடி பாஸ்வேர்டு கொடுத்தார். அடுத்த தட்டல் முதல் சர்வருக்குப் போயிற்று. அதுவும் திருப்பிவிட்டது.

வேலையை விட்டுப்போன யாரோ எழுதிய நிரலைத் திறந்தாள். உள்ளே வந்தவர் யார் என்ற குறிப்பை, செஷனை, ஒவ்வொரு சர்வரும் தன் நினைவகத்திலேயே வைத்துக்கொண்டிருந்தது. சர்வர் ஒன்றாக இருந்த காலத்துக்கு அது போதும். இப்போது ஒன்றுக்குத் தெரிந்த ஆளை மற்றதற்குத் தெரியவில்லை. தெரியாத ஆள் வந்தால் சர்வர் புதிதாக ஒரு செஷன் எண்ணைக் கொடுத்து லாகின் பக்கத்தைக் காட்டும். புது எண் வந்ததும் அந்த ஆளின் போனிலிருந்த பழைய எண் அழிந்துவிடும். அதனால் முதல் சர்வருக்கே திரும்பிப் போனாலும் பயனில்லை. லாகின் பக்கத்தைக் காட்டுவது பிழை அல்ல, ஆகவே எங்கேயும் பிழையென்று பதிவாகவில்லை. அவள் சோதித்துப் பார்த்த காலை நேரங்களில் இரண்டாவது சர்வர் எழுந்திருக்கவே இல்லை.

ஒரே பேரில் ஒருவர் உள்ளே வந்தால் இன்னொருவரை வெளியே தள்ளும் விதி அந்த நிரலில் எங்காவது இருக்கிறதா என்றும் தேடினாள். இல்லவே இல்லை. அந்தத் தாளிலிருந்த வரி கம்பெனியின் வேறொரு தளத்துக்காக எழுதப்பட்டது.

மறுநாள் ஆதித்யனிடம் சொன்னாள். "செஷனை ரெண்டுக்கும் பொதுவா ஒரு இடத்துல வைக்கணும் சார். ரெடிஸ் போட்டா எந்த சர்வருக்குப் போனாலும் ஆளத் தெரியும்."

"எத்தனை நாள் ஆகும்?"

"டெஸ்ட் பண்ணி ஏத்த ஒரு வாரம்."

"தீபாவளி சீசன்ல நிரல்ல கை வைக்க முடியாது ஜான்சி. ஸ்டிக்கி ஆன் பண்ணு, இப்போதைக்கு ஓடட்டும்."

ஸ்டிக்கி என்றால், முதலில் எந்த சர்வருக்குப் போனாரோ அதற்கே அந்த ஆளைத் திரும்பத் திரும்ப அனுப்பும்படி லோடு பேலன்சரிடம் சொல்லிவைப்பது. ஜான்சி போட்டாள். போன்கள் பாதியாகக் குறைந்தன. ஆனால் கூட்டம் வடிந்து இரண்டாவது சர்வர் நிற்கும்போதெல்லாம், அதிலிருந்த அத்தனை பேரும் ஒரே நேரத்தில் வெளியே விழுந்தார்கள். அந்தச் சங்கதியையும் போய்ச் சொன்ன பிறகுதான் ஆதித்யன் ரெடிஸுக்குச் சம்மதித்தார். அது ஏறி முடிந்தபோது தீபாவளியும் முடிந்திருந்தது. அதன் பிறகு யாரையும் தளம் வெளியே தள்ளவில்லை.

சீசன் வேலையில் பல வாரமாகத் தாராவிப் பக்கம் போகாதிருந்தவள், அந்த வாரம் மீன் வாங்கப் போனபோது, கார்கானாவில் பாதி இடம் காலியாகக் கிடப்பதைப் பார்த்தாள். மிஷின்கள் இருந்த இடத்தில் தரையில் எண்ணெய்க் கறை. ஒரு காரிகர்தான் நடந்ததைச் சொன்னான். ஜான்சி அங்கேயே ஒரு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள்.

இசக்கி வந்ததும் எல்லாவற்றையும் சொன்னாள். "பெரிய கடைக்குப் போனா வாசல்ல பையை வாங்கிட்டு டோக்கன் குடுப்பாங்கள்ல அண்ணாச்சி. ஒரு கவுண்ட்டர்ல வாங்குன டோக்கன இன்னொரு கவுண்ட்டர்ல நீட்டுனா எங்களுக்குத் தெரியாதும்பான். அதே கூத்துதான். தளவாய் அண்ணாச்சி ஒண்ணுமே பண்ணல. நான் சொன்னதுதான் தப்பு."

இசக்கி முழுவதையும் கேட்டார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

"அவன் இல்லன்னு சொன்னான் தாயி" என்றார். "நாந்தான் கேக்கல."

"நான் போய்ச் சொல்லுதேன்."

"சொல்லு. நான் எந்த மூஞ்ச வச்சிக்கிட்டுப் போவ?"

கோவண்டியில் தளவாயின் பட்டறை ஒரு சாக்கடையின் ஓரத்தில் இருந்தது. அவர் அவளுக்கு டீ வாங்கிக் கொடுத்தார், உட்காரச் சொன்னார். அவள் நடந்ததையெல்லாம் சொன்னாள்.

"மிஷின் தப்பு, நான் நல்லவன். அதானம்மா?"

"ஆமா அண்ணாச்சி."

"நான் நல்லவன்னு அவனுக்குத் தெரிய, செம்பூர்லேர்ந்து ஒரு ஆள் வந்து சொல்ல வேண்டிருக்கு, பாத்தியா." அவர் குரல் உயரவில்லை. "உம் மேல வருத்தம் இல்ல. நீ உன் வேலையப் பாத்த. அந்தப் பேச்ச அத்தன பேர் கேட்டுட்டாங்க. அவங்க வீட்டுக்கெல்லாம் போயி உன்னால சொல்ல முடியுமா?"

டீ ஆறிப்போயிற்று.

தை மாதம் வந்தபோது இசக்கி தளத்தில் ஆர்டர் எடுப்பதை நிறுத்திவிட்டார். பழைய தரகர் ஒருவருக்குக் கூலிக்குத் தைத்துக் கொடுத்தார். மற்ற கார்கானாக்காரர்களும் ஒவ்வொருவராகத் தரகர்களிடமே திரும்பினார்கள். ஜான்சி சிலரைப் போய்ப் பார்த்து, இப்போது எல்லாம் சரியாகிவிட்டது என்றாள். அவர்கள் அவளை உட்காரவைத்து, பிள்ளை குட்டி பற்றி விசாரித்து, பார்ப்போம் என்று சொல்லி அனுப்பினார்கள்.

ஒரு நாள் ஆதித்யன் அவள் மேஜைப் பக்கம் வந்தார். "அந்த ரெண்டாவது சர்வர் எழுந்தே ரொம்ப நாள் ஆச்சே. எடுத்துடு. லோடு பேலன்சரும் வேண்டாம்."

ஜான்சி இரண்டையும் எடுத்தாள். அதற்குச் சில நிமிடங்கள்கூட ஆகவில்லை. மீதியிருந்த ஒரே சர்வர் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. சாயங்காலம், கூட்டம் ஏற வேண்டிய நேரத்தில், உள்ளே எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று பார்த்தாள். இரண்டு பேர். அதில் ஒருத்தி அவளே. கணினியை அணைத்துவிட்டு ஆண்டாப் ஹில் பஸ்ஸுக்கு நடந்தாள்.