கழிப்பறைக் கதவில் ஒட்டிய ரப்பர்

2005இல் மரக்காணத்தில் ஓர் உப்புக் கம்பெனியின் மாடி அலுவலகத்தைப் பார்த்துக்கொள்ளும் வேலை எனக்கு. கதவு பதினேழு, ஜன்னல் இருபத்திரண்டு. காற்றுக்காலம் வந்தால் உப்பளத்துத் தூள் எந்தச் சந்திலும் நுழைந்துவிடும். சந்து கண்டால் அடைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். பதினேழு கதவுக்கும் அடியில் ரப்பர் பட்டை ஒட்ட வைத்தேன். கழிப்பறைக் கதவின் கீழ்ப்பாதியில் சாய்வு மரப்பட்டைகளுக்கு இடையே இருந்த சந்துகளையும் பாலிதீன் ஒட்டி மூடினேன். ஏசிக் குளிர் அந்த வழியாக வீணாகிறதே என்ற கவலை எனக்கு.

பத்து நாளில் நாற்றம் வந்தது. கதவைத் திறக்கும்போதெல்லாம் அது வெளியே வந்து, பக்கத்து டீ அறைவரை போனது.

மேனேஜர் துப்புரவு வேலை செய்யும் அம்மாவைக் கூப்பிட்டார். “பினாயில் ஊத்துறியா இல்லியா?”

“ஒரு நாளைக்கு மூணு வாட்டி ஊத்துறேன் சார். என் கையையே மோந்து பாருங்க.”

“சனிக்கிழமையோட நின்னுக்க.”

மூன்று வாட்டி என்பது உண்மை. எண்ணியவன் நான். சொல்லியும் மேனேஜர் கேட்கவில்லை. புதுச்சேரியிலிருந்து ஏசி மெக்கானிக்கை வரவழைத்தேன்.

அவர் கழிப்பறைக் கூரையில் காற்று உறிஞ்சும் வாயில் காற்றளக்கும் மீட்டரைப் பிடித்தார். மலம் கழிக்கும் பீங்கான் மூன்று, சிறுநீர் கழிக்கும் பீங்கான் மூன்று. ஒவ்வொன்றுக்கும் நிமிஷத்துக்கு ஐம்பது கன அடி காற்று என்று முந்நூறு போகவேண்டும். போனது தொண்ணூறு.

“ஃபேன் நல்லாத்தான் சுத்துது. குழாயும் அடைக்கல” என்றவர், கதவடியில் ஊதுபத்தி காட்டினார். புகை உள்ளே போகாமல் நேரே மேலே எழுந்தது.

“ஏம்பா, பூசை போடவா வந்தே?” என்றார் டீ அறைக்காரர்.

மெக்கானிக் ரப்பரைத் தட்டினார். “ஃபேன் இழுக்கணும்னா காத்து எங்கிருந்தாவது வரணுமில்ல சார்? ஆபீஸுக்குள்ள ஏசி விடுற புதுக்காத்து நடைவழியா வந்து, இந்தக் கதவுச் சந்துல நுழைஞ்சுதான் ஃபேனுக்குப் போவணும். அதுக்குன்னு வச்ச வழி இது. எந்த மகராசன் அடைச்சான்?”

“நான்தான்” என்றேன். அவர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

ரப்பரையும் பாலிதீனையும் நானே உட்கார்ந்து பிய்த்தேன். மீட்டர் இருநூற்றுத் தொண்ணூற்றைந்து காட்டியது. மெக்கானிக் எழுதிக்கொடுத்த அளவுத் தாளோடு மேனேஜர் அறைக்குப் போய், தப்பு என்னுடையது என்றேன். அவர் தாளை வாங்கிப் படித்தார். “அந்தம்மா வேலையில இருக்கட்டும். நீங்களே போய் சொல்லுங்க” என்றார்.

அன்று வெள்ளிக்கிழமை. அந்த அம்மா மாடிப்படியைப் பெருக்கிக்கொண்டிருந்தார். முந்நூறு, தொண்ணூறு, காற்று வரும் வழி, போகும் வழி என்று ஒன்றுவிடாமல் விளக்கினேன். துடைப்பத்தைச் சாய்த்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

“அதெல்லாம் இருக்கட்டும் சார். திங்கக்கிழமை நான் வர்றதா, வேணாமா?”

“வாம்மா.”

“அத மொதல்ல சொல்றதுக்கென்ன? ரெண்டு நாளா சோறு எறங்கல எனக்கு.”