மத்தியானச் சங்குக்குள்ள வந்துருவாரு

மொக்கம்மாளுக்கு வாய் நீளம் என்று தேனி ஜின்னிங் ஆலையில் சொல்லாத ஆள் கிடையாது. பருத்தியில் கொட்டையைப் பிரிக்கிற அந்த ஆலையில் வரிசையாக நிற்கும் மிஷின்களில் ஒன்று அவளுடையது. பஞ்சுத் தூசி மூக்கில் ஏறி மற்ற பெண்கள் இருமிக்கொண்டிருக்கும்போது, இவள் அந்தத் தூசியையும் திட்டுவாள், தூசியைக் கூட்ட ஆள் வைக்காத முதலாளியையும் திட்டுவாள். ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும் அவளுடைய வாய் மூன்று வருஷமாகப் பூட்டியே கிடந்தது. சொந்த ஊர் எது என்று யாராவது கேட்டால் "கம்பத்துப் பக்கம்" என்பாள். அது பச்சைப் பொய்.

உண்மையில் அவளுக்கும் அவள் புருஷன் ஒச்சாண்டிக்கும் ஊர் ஜெயமங்கலத்துக்கு அந்தப் பக்கம். வெள்ளைக்காரன் போட்ட ரேகைச் சட்டம் வந்த ஊர். அங்கே அவர்கள் சாதியில் ஆணாகப் பிறந்தவன் திருடினாலும் திருடாவிட்டாலும் போலீஸ் ஸ்டேஷனில் பத்து விரல் ரேகையையும் பதிய வேண்டும். பதிந்தவன் ஊரில் இருக்கிறவரை ராத்திரி வீட்டில் படுக்கக்கூடாது, ஊர்ச் சாவடியில் போய்ப் போலீஸ் காவலில் படுக்க வேண்டும். வெளியூர் போகச் சீட்டு வாங்க வேண்டும். ஒச்சாண்டி சின்ன வயசிலேயே மலைத் தோட்டத்து வேலைக்குப் போய்விட்டதால் அவன் விரல் மட்டும் தப்பியிருந்தது. மலையிலிருந்து இறங்கியவன் ஊருக்குப் போகாமல் தேனிக்கு வந்து, ஆலையின் பாய்லருக்குத் தீப் போடும் வேலையில் சேர்ந்தான். ரேகைக்காரனுக்கு ஆலையில் வேலை கிடையாது என்பது மேஸ்திரி சங்கரலிங்கம் எல்லோருக்கும் கேட்கும்படி அடிக்கடி சொல்கிற சங்கதி. வேலை போனால் ஊர், ஊருக்குப் போனால் சாவடி. மொக்கம்மாள் வாயைப் பூட்டியிருந்தது அதற்காகத்தான்.

அன்றைக்குக் கோழி கூப்பிடும் நேரத்தில் ஊர்த் தலையாரி ராக்கையா குடிசை வாசலில் வந்து நின்றான். எப்படித்தான் மோப்பம் பிடித்தானோ, நாசமாய்ப் போனவன்.

"உன் பேரு லிஸ்ட்டுல ஏறிருச்சுப்பா. வெள்ளன தேனி ஸ்டேஷனுக்கு வந்து ரேகை வச்சிரு. வரலேன்னா வெலங்கு மாட்டித்தான் கூட்டிட்டுப் போவாக" என்றான்.

ஒச்சாண்டி முகத்தைக் கழுவிக்கொண்டு நேரே ஆலையின் பின்பக்கம் போனான். அங்கே ராத்திரி முறை பார்த்த பொன்னுராஜ் பாய்லர் முன்னால் தூங்கி விழுந்துகொண்டிருந்தான். மத்தியானச் சங்கு வரைக்கும் அவனே தீயைப் பார்த்துக்கொள்வது, பதிலுக்கு அன்று ராத்திரி முறையில் பாதியை ஒச்சாண்டி பார்ப்பது என்று பேச்சு முடிந்தது. மேஸ்திரி காலைச் சங்குக்குத்தான் வருவார். தலையாரியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்டில் அவருக்காகக் காத்திருக்க முடியாது. ஆகவே சேதி சொல்லும் பொறுப்பு மொக்கம்மாள் தலையில் விழுந்தது.

"ஏ புள்ள, மூணே சங்கதி. எப்ப வருவேன், அதுவரைக்கும் தீயை யாரு பாக்குறா, பதிலுக்கு நான் என்ன செய்வேன். வேற ஒண்ணும் சொல்லாத. உன் வாய் சும்மா இருக்காது, தெரியும். இன்னைக்கு ஒரு நாள் இருக்கச் சொல்லு" என்றான்.

"எனக்கு நீ சொல்லித் தரணுமாக்கும்" என்று எரிந்து விழுந்தாள்.

கேட்டில் சங்கரலிங்கம் வெற்றிலையைக் குதப்பிக்கொண்டு நின்றார். யார் வந்து எதைச் சொன்னாலும் சொல்கிறவரின் முகத்தைப் பார்க்காமல் வேறெங்கோ பார்ப்பது அவர் வழக்கம். மொக்கம்மாள் ஒப்பித்தாள்.

"மேஸ்திரி, எங்க வீட்டுக்காரரு இன்னைக்கு வர நேரமாகும். மத்தியானச் சங்குக்குள்ள வந்துருவாரு. அதுவரைக்கும் ராத்திரி முறை பொன்னுராஜே தீயைப் பாத்துக்கிருவாரு, ஒத்துக்கிட்டாரு. அதுக்குப் பதிலா இன்னைக்கு ராத்திரி பாதி முறை இவரு பாப்பாரு. ஸ்டீம் குறையாது."

சேதியில் ஒரு ஓட்டை கிடையாது. நேரம் இருந்தது, ஆள் இருந்தது, பதில் வேலையும் இருந்தது. வேறு யாருக்காகவாவது என்றால் மேஸ்திரி தலையை ஆட்டிவிட்டுப் போயிருப்பார். ஒச்சாண்டி அவருக்குத் தீபாவளிக்குக் கோழி கொண்டுபோய்க் கொடுக்காதவன். கும்பிடு போடும்போதுகூடக் குனியாதவன்.

"என்ன சோலி?" என்றார் கூரையைப் பார்த்துக்கொண்டு.

"சோலிதான்."

"அதான் என்ன சோலிங்கிறேன். எழவா? பிள்ளப் பேறா?"

"ரெண்டும் இல்ல மேஸ்திரி. ஒரு ஆளைப் பாக்கப் போயிருக்காக."

"ஆளைப் பாக்கவா? விடியக்காலம் எவனைப் பாக்கப் போறான்? மூணு வருசமா ஒரு நா லேட்டா வராத பய இன்னைக்கு லேட்டுன்னா அதுல என்னமோ இருக்கு. போ போ, மிஷினைப் பாரு. வரட்டும், வச்சுக்கிறேன்" என்று வெற்றிலைச் சாற்றை அவள் காலுக்குப் பக்கத்தில் துப்பினார்.

மொக்கம்மாளுக்கு உள்ளங்கால் முதல் உச்சி வரை எரிந்தது. வாயைத் திறந்திருந்தால் அவருடைய மூன்று தலைமுறையும் அன்று கேட்டில் கிழிந்திருக்கும். பல்லைக் கடித்துக்கொண்டு மிஷினுக்குப் போய்ப் பருத்தியைப் போட ஆரம்பித்தாள். ஸ்டீம் குறையவில்லை, மிஷின்கள் வழக்கம்போல ஓடின. பொன்னுராஜ் பேச்சுக் காப்பாற்றுகிறவன்.

வெயில் ஏறின பிறகு ஒரு மிஷினின் தோல் பெல்ட் படீரென்று அறுந்தது. மேஸ்திரி மாற்று பெல்ட் எடுக்கப் பாய்லர் கொட்டகைக்குப் போனார். சுவரில் ஆணி இருந்தது, பெல்ட் இல்லை.

"நேத்துச் சாயங்காலம் இங்கனதான்டா தொங்குச்சு!" என்று அவர் போட்ட கூச்சலில் பெண்கள் கையை நிறுத்தினார்கள். பொன்னுராஜை உலுக்கினார். தான் ராத்திரி வேலைக்கு வரும்போதே ஆணி வெறுமனே இருந்தது, சத்தியம் என்றான் அவன். அப்படியானால் அதற்கு முன்னால் கொட்டகையில் இருந்தவன் யார்? ஒச்சாண்டி. இன்றைக்கு வராதவன் யார்? அவனேதான். மேஸ்திரியின் முகத்தில் வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே! பெல்ட் போனதில் அவருக்குத் துளி வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை.

அவர் மொக்கம்மாளின் மிஷின் முன்னால் வந்து நின்றார். இந்தத் தடவை முகத்தைப் பார்த்துத்தான் பேசினார்.

"ஆளைப் பாக்கப் போனானாக்கும்? தோலை விக்க ஆளைப் பாக்கப் போயிருக்கான். சேதி எவ்வளவு சுத்தமா வந்துச்சு பாத்தீகளா? இத்தனை மணிக்கு வருவேன், இன்ன ஆளு பாத்துக்கிருவான்னு. யோக்கியன் எவன்டா இம்புட்டு முன்னேற்பாடு பண்ணுவான்? வரட்டும், இல்லேன்னா ஸ்டேஷனுக்கு ஆள் அனுப்புறேன்."

ஸ்டேஷனுக்கு ஆள் அனுப்பினால் அந்த ஆள் ஒச்சாண்டியை அங்கேயே பார்த்துவிட்டு வரலாம். அந்த நினைப்பில் மொக்கம்மாளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டின. ஒரு வார்த்தை சொன்னால் திருட்டுப் பட்டம் போய்விடும். அதே வார்த்தையில் வேலையும் போய்விடும். சுற்றி நின்ற பெண்கள், நேற்றுவரை அவளோடு ஒரே தூக்குவாளியில் கஞ்சி குடித்தவர்கள், மெல்ல விலகி நின்றார்கள். அதுதான் அவளுக்கு மேஸ்திரியின் பேச்சைவிட வலித்தது.

சொன்ன சொல் தவறாமல், மத்தியானச் சங்கு ஊதுவதற்கு முன்பே ஒச்சாண்டி வந்துவிட்டான். வந்தவன் யாரையும் பார்க்காமல் பாய்லர் முன்னால் போய் உட்கார்ந்து, சாம்பலை இழுத்துத் தள்ளி, கரியை இரண்டு கையாலும் அளைந்தான். எதற்காக அளைகிறான் என்று கொட்டகை வாசலுக்கு ஓடி வந்து பார்த்த மொக்கம்மாளுக்கு மட்டும் புரிந்தது. தீப் போடுகிறவன் கை கறுப்பாக இருந்தால் யார் சந்தேகப்படப் போகிறார்கள்? சாகும்வரை இந்தக் கரிக்குள் கையை ஒளித்துக்கொண்டு பிழைத்துவிடலாம் என்று ஒரு கணம் அவளுக்கு நம்பிக்கைகூட வந்தது.

சங்கரலிங்கம் அவளை இடித்துக்கொண்டு உள்ளே நுழைந்தார். பின்னாலேயே பாதி ஆலை வந்தது.

"பெல்ட்டு எங்கலே?"

"எந்தப் பெல்ட்டு?"

"திருட்டுப் பயலே, நடிக்கிறியா? விடிஞ்சதுலயிருந்து எங்க போயிருந்த? சொல்லு! சொல்ல முடியலேன்னா நீதான் எடுத்த!"

ஒச்சாண்டி எழுந்தான். மொக்கம்மாளைப் பார்த்தான். அவள் வேண்டாம் என்று தலையை ஆட்டினாளா, சொல்லிவிடு என்று ஆட்டினாளா, அவளுக்கே பிற்பாடு ஞாபகம் இல்லை. அவன் மூலையில் இருந்த தண்ணீர் வாளியை இழுத்து இரண்டு கையையும் முக்கினான். சாம்பல் தொட்டுத் தேய்த்தான், அலசினான், மறுபடியும் தேய்த்தான். கரி கரைந்து தண்ணீர் கறுத்தது. கையைத் தூக்கி எல்லோர் முன்னாலும் விரித்தான்.

உள்ளங்கை வெளுத்திருந்தது. பத்து விரல் நுனிகளிலும் மை அப்படியே இருந்தது.

"விடிஞ்சதுலயிருந்து இப்ப வரைக்கும் ஸ்டேஷன்லதான் இருந்தேன். இதுக்குத்தான். நேத்துச் சாயங்காலம் நான் வெறுங்கையோடதான் வெளியே போனேன். கேட்டுல என் வேட்டிய உதறச் சொல்லிப் பாத்தது நீங்கதான மேஸ்திரி?"

தினமும் சாயங்காலம் ஒவ்வொருத்தரையும் கேட்டில் சோதனை போட்டு அனுப்புகிறவர் சங்கரலிங்கம்தான். அவர் வாயில் வெற்றிலை அசையாமல் நின்றது.

அந்த நேரம் பார்த்து, செருப்புத் தைக்கிற அம்மாவாசி பெல்ட்டைத் தோளில் சுற்றிக்கொண்டு கொட்டகைக்குள் வந்தான். "தையல் போட்டாச்சு சாமி. நேத்துக் கணக்கப்பிள்ளை ஐயா பின்வாசல் வழியாக் குடுத்து விட்டாக. ஓரம் பிஞ்சிருந்துச்சுல்ல" என்று மேஸ்திரி காலடியில் அதை இறக்கி வைத்தான். கணக்கப்பிள்ளை அதைப் பற்றி ஒருத்தரிடமும் மூச்சு விட்டிருக்கவில்லை.

மன்னிப்பு என்று ஒரு வார்த்தை வரும் என்று மொக்கம்மாள் எதிர்பார்த்தாள். அப்படி எதிர்பார்த்த தன்னையே பிறகு வெகுகாலம் திட்டிக்கொண்டாள்.

"பெல்ட்டு வந்துருச்சு, சரி" என்றார் மேஸ்திரி. பார்வை மறுபடியும் கூரைக்குப் போய்விட்டது. "அதுக்காக ரேகைக்காரனை உள்ள வச்சுக்கிட்டிருக்க முடியுமா? நாளைக்கு நெசமாவே ஒண்ணு காணாமப் போனா யாரு பதில் சொல்றது? வெளியே போடா."

ஒச்சாண்டி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தான். அப்போது மத்தியானச் சங்கு ஊதியது. மூலையில் சாய்ந்திருந்த பொன்னுராஜ் எழுந்து சோம்பல் முறித்தான்.

"நானும் கிளம்புறேன் மேஸ்திரி."

"நீ எங்கடா போற? தீயை யாரு பாக்குறது?"

"காலையில உங்களுக்குச் சேதி வந்துச்சுல்ல? மத்தியானச் சங்கு வரைக்குந்தான் நான். ராத்திரி பூரா முழிச்சிருக்கேன், கண்ணு எரியுது. இதுக்கு மேல பாக்குற ஆளைத்தான் நீங்களே வெளியே அனுப்பிட்டீகளே." அடுப்பிலிருந்த தீயை இழுத்து வெளியே போட்டுத் தண்ணீர் தெளித்துவிட்டு அவன் போயே போய்விட்டான்.

கஞ்சி குடித்துவிட்டு வந்த பெண்கள் மிஷின் முன்னால் உட்கார்ந்தார்கள். இருந்த ஸ்டீமில் மிஷின்கள் கொஞ்ச நேரம் ஓடின, பிறகு தளர்ந்தன, பிறகு நின்றன. மேஸ்திரி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அடுப்பில் விறகைத் திணிப்பதும், புகையில் இருமிக்கொண்டு வெளியே ஓடி வருவதும் எல்லோருக்கும் தெரிந்தது. சாயங்காலச் சங்கு ஊத அன்று ஸ்டீம் இல்லை.

மொக்கம்மாள் மட்டும் கடைசியாக எழுந்தாள். கண்ணெல்லாம் சிவந்து, முகமெல்லாம் கரியாகக் கேட்டில் நின்ற சங்கரலிங்கத்தின் முன்னால் போய் நின்றாள். மூன்று வருஷத்துப் பூட்டு அவள் வாயிலிருந்து கழன்றிருந்தது. ஆனாலும் அவள் கத்தவில்லை. காலையில் ஒப்பித்த மாதிரியே நிறுத்தி நிதானமாகச் சொன்னாள்.

"மேஸ்திரி, எனக்கு ஜெயமங்கலத்துப் பக்கம். ரேகைக்காரன் பொண்டாட்டி நான். நாளைக்கு வர மாட்டேன், நாளன்னைக்கும் வர மாட்டேன். என் மிஷினைப் பாக்க ஆள் ஏற்பாடு பண்ணல. எப்ப வருவேன்னு நேரம் ஒண்ணும் சொல்லல."

முந்தானையை உதறினாள். கறுப்பாக இருந்த அவர் கையைப் பார்த்தாள்.

"உங்க கை கழுவுனா வெளுத்துரும். போய்க் கழுவுங்க."