பச்சைக்காக நான் சேர்த்த ஒரு வரி

ஒரு பெண் செய்த சின்னத் தவறை நான் பெரிய தவறாக்கினேன். அது முழுக்க அவள் தவறுதான் என்று எல்லோரும் முடிவு கட்டியபோது, என் மரியாதையைக் காப்பாற்றிக்கொள்ள ஒரு பொய்யும் சொன்னேன். அறுபத்தெட்டு வயதில் செய்தது இது. இளமை, அறியாமை என்று எதன் பின்னாலும் ஒளிந்துகொள்ள எனக்கு வழியில்லை.

தொலைபேசி இணைப்பகங்களில் முப்பது வருடம் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். தென்காசிக்குத் திரும்பியபோது, என் தங்கை மகன் குற்றாலம் போகிற சாலையில் ஒரு வீட்டு மாடியை வாடகைக்கு எடுத்துக் கைபேசி விளையாட்டு ஒன்றைத் தயாரித்துக்கொண்டிருந்தான். என்னையும் சேர்த்து ஆறு பேர் கொண்ட கம்பெனி. "மாமா, வீட்ல சும்மாதான இருக்கிய, இங்கன வந்து இந்த மெஷின பாத்துக்கிடுங்க" என்றான். மெஷின் என்று அவன் சொன்னது மூலையில் இருந்த பழைய கணினி. சேர்ந்த பிறகு அதைக் கட்டி எழுப்பியது நான்தான். அதில் எனக்குப் பெருமை இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அதன் வேலை இதுதான். யாராவது தான் செய்த மாற்றத்தைப் பொதுக் களஞ்சியத்தில் கமிட் செய்து, அதாவது தன் பெயரில் பதிந்து, அனுப்பினால், மெஷின் உடனே முழு விளையாட்டையும் ஒரு வெற்று இடத்தில் புதிதாக இறக்கிக்கொள்ளும். ஒவ்வொரு சீனையும் வரிசையாகத் திறக்கும். சீன் என்பது விளையாட்டின் ஒரு களம். அதில் இருக்க வேண்டிய பொருள் எதுவும் காணாமல் போயிருக்கிறதா என்று பார்க்கும். சில நொடிகள் ஓட்டியும் பார்க்கும். எல்லாம் சரியென்றால் கைபேசியில் போடத்தக்க கோப்பாக, அதாவது ஒரு பில்டாகக் கட்டி, பச்சைக் குறியோடு எல்லோருக்கும் மின்னஞ்சல் அனுப்பும். ஒன்று உடைந்திருந்தாலும் சிவப்பு. யாருடைய கமிட்டில் உடைந்தது என்பதும் அதில் இருக்கும். இருபது நிமிடத்தில் தெரிந்துவிடும் என்பதால் உடைந்தது சின்னதாக இருக்கும்போதே சரிசெய்துவிடலாம்.

சிவப்பு வந்தால் எங்கள் அலுவலகத்தில் ஒரு வழக்கம். அருவியில் குளிக்கப் போகிறவர்கள் வாங்கும் சிவப்புத் துண்டு ஒன்று ஆணியில் தொங்கும். உடைத்தவர் நாற்காலியில் அதைப் போட்டுவிடுவார்கள். பச்சை வரும்வரை எடுக்கக் கூடாது. சாரல் மாதங்களில் அது ஒருநாளும் காயாது, ஈரவாடை அடிக்கும்.

ஐந்தாவது சீன் ஓர் அருவி. அதை உருவாக்கியவள் வாசுதேவநல்லூர்க்காரி. கல்லூரி முடித்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. அப்பா போலீஸில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். அண்ணன் ராணுவத்தில். "ஒரு வருசம் பாரு. அதுக்குள்ள அந்தக் கேம் வெளிய வரணும். இல்லன்னா எஸ்.ஐ. பரிச்சைக்குப் படி" என்று அப்பா தவணை கொடுத்திருந்தார். அந்த ஒரு வருடத்தில் ஒன்பது மாதம் போயிருந்தது. அதனால் அவள் தினமும் முதல் பஸ்ஸில் வந்துவிடுவாள்.

அவள் அருவியில் நீர்த்துளிகள் அதிகம். எங்கள் மெஷினிலோ திரையில் படம் காட்டுவதற்கான கிராஃபிக்ஸ் அட்டை கிடையாது. ஆகவே ஐந்தாவது சீனை ஓட்டிப் பார்க்கும்போது, நான் வைத்திருந்த நேர வரம்பைத் தாண்டிவிடும். சீனில் ஒரு குறையும் இல்லை, ஆனாலும் சிவப்பு. சில நேரம் பச்சையும் வரும், அடுத்த கமிட்டில் மறுபடி சிவப்பு. நான்கு நாட்கள் துண்டு திரும்பத் திரும்ப அவள் நாற்காலிக்கே வந்தது.

"ஏட்டி, உன் அருவில தண்ணி கூடிப்போச்சு, குளிக்கத் தடை போட்டுட்டாவ" என்று விளையாட்டுக்குப் படம் வரைகிற தம்பி சொல்லுவான்.

"சிரிக்காதலே. நீ வரஞ்ச பாறையத்தான் நான் அடுக்குதேன். தடை உனக்கும் சேத்துத்தான்" என்பாள் அவள்.

நான்காம் நாள் என் மேசைக்கு வந்தாள். "சார், என் சீன்ல என்ன தப்புன்னு சொல்லுங்க, மாத்திருதேன்."

"உன் தப்பு இல்லம்மா. மெஷினுக்கு மூச்சு வாங்குது. நான் பாக்கேன்."

நேர வரம்பைக் கூட்டி, ஏன் தாமதமாகிறது என்று தேடியிருக்க வேண்டும். அரை நாள் வேலை. ஆனால் விளையாட்டை வெளியிடப் பேசிக்கொண்டிருந்த பெங்களூர் வெளியீட்டாளரின் ஆள் ஒருவர், மறுநாளுக்குள் கட்டிய கோப்பு வேண்டும் என்று கேட்டிருந்தார். மருமகன் "பச்சை வந்துட்டா மாமா?" என்று மூன்று முறை கேட்டுவிட்டான். மெஷினுக்கு ஓர் அமைப்புக் கோப்பு உண்டு. சோதிக்காமல் விட வேண்டிய சீன்களுக்கு அதில் ‘ஸ்கிப் லிஸ்ட்’ என்று ஒரு பட்டியல் வைத்திருந்தேன்; அது காலியாகவே இருந்தது. அதில் ஐந்தாவது சீனின் பெயரை ஒரு வரியாகச் சேர்த்தேன். இரண்டு நாளில் எடுத்துவிடலாம் என்று நினைத்தேன். பச்சை வந்தது. அவளே துண்டை மடித்து ஆணியில் மாட்டிவிட்டு, "தேங்க்ஸ் சார்" என்றாள்.

இணைப்பகத்தில் எச்சரிக்கை மணி அடித்தால், பழுதைக் கண்டுபிடிக்கும் முன் மணியின் கம்பியைக் கழற்றுகிறவனை நான் மன்னித்ததே இல்லை. ஒருவனுக்கு எழுத்துபூர்வமாகக் கண்டிப்பும் கொடுத்திருக்கிறேன். அது அன்று எனக்கு நினைவுக்கு வரவில்லை. அந்த வரியும் மறந்துபோனது.

மூன்று வாரம் கழித்து அவள் அருவியின் அடியில் புதிய பாறைப் படிகளை வைத்தாள். விளையாட்டில் எந்தப் பொருளைச் சேர்த்தாலும் அதற்குத் துணையாக ஒரு சிறு கோப்பு உருவாகும். அந்தப் பொருளின் அடையாள எண் அதில்தான் இருக்கும். சீன் ஒரு பொருளைப் பெயரால் தேடாது. அந்த எண்ணால் தேடும். அவசரத்தில் பாறையை அனுப்பியவள், அனுப்பும் பட்டியலில் துணைக் கோப்பை டிக் செய்ய மறந்துவிட்டாள். அவள் கணினியில் அது இருந்ததால் அருவியும் படிகளும் சரியாகத் தெரிந்தன. மற்ற எங்கும் அந்தப் பாறைக்கு வேறு எண் விழும். சீன் தேடுகிற பாறை கிடைக்காது. ஒருவர் சீனை மற்றவர் தொட்டால் மாற்றங்கள் மோதும் என்பதால், அவரவர் சீனை அவரவரே திறப்பது எங்கள் பழக்கம். ஆகவே வேறு யார் கண்ணிலும் படவில்லை.

எல்லோரும் செய்கிற தவறுதான் அது. நானும் செய்திருக்கிறேன். அதைப் பிடிப்பதற்காகத்தான் அந்த மெஷின். அன்று சோதித்திருந்தால் இருபது நிமிடத்தில் சிவப்பு வந்திருக்கும். ஒரு சிரிப்போடு முடிந்திருக்கும். மெஷின் மற்ற சீன்களைத் திறந்து, ஐந்தைத் தாண்டிப் போய், பச்சை காட்டியது. அப்படிப் பதினோரு நாட்கள்.

பன்னிரண்டாம் நாள் வெளியீட்டாளரின் ஆட்கள் இரண்டு பேர் நேரிலேயே வந்தார்கள். காலையில் ஐந்தருவியில் குளித்துவிட்டு, தலை ஈரம் காயாமல் எங்கள் மாடியில் உட்கார்ந்து தங்கள் கைபேசியில் விளையாடினார்கள். நான்கு சீன்கள் நன்றாகப் போயின. ஐந்தில் அருவி கொட்டிக்கொண்டிருந்தது. விளையாட்டு நாயகன் முதல் படியில் கால் வைத்தான். படி இல்லை. விழுந்தான். அடியில் எதுவும் இல்லாததால் விழுந்துகொண்டே இருந்தான். அவர்கள் திரும்பத் திரும்ப ஆரம்பித்தார்கள். திரும்பத் திரும்ப விழுந்தான்.

"என் சிஸ்டத்துல சரியாத்தான் இருந்துச்சு" என்று அவள் மெதுவாகச் சொன்னாள். இந்தத் தொழிலில் யார் அதைச் சொன்னாலும் மற்றவர்கள் சிரிப்பார்கள். அன்று யாரும் சிரிக்கவில்லை.

அவர்கள் போனதும் மருமகன் அவள் கமிட்டைத் திறந்து, துணைக் கோப்பு இல்லாததைக் கண்டுபிடித்தான். பிறகு என்னைப் பார்த்தான். "மாமா, இத மெஷின் பிடிச்சிருக்கணும்லா?"

அவன் கேட்ட கணத்தில் எனக்கு அந்த ஒரு வரி நினைவுக்கு வந்துவிட்டது.

"எல்லாத்தையும் அதால பிடிக்க முடியாதுப்பா. சிலது தப்பிச்சிரும்" என்றேன்.

அவள் என்னையே பார்த்தாள். மெஷின் எதைப் பிடிக்கும் என்று அவளுக்கு நான்தான் கற்றுக்கொடுத்திருந்தேன். ஆனாலும் எழுந்துபோய் துண்டை எடுத்துவந்து தன் நாற்காலியில் போட்டுக்கொண்டாள். அன்று மாலை எல்லோரும் போன பிறகு நான் அந்த வரியை நீக்கினேன். நேர வரம்பையும் கூட்டினேன். அரை நாள் வேலை என்று தள்ளிப்போட்டது ஒரு மணி நேரத்தில் முடிந்தது.

ஒரு வாரத்தில் பெங்களூரிலிருந்து, இப்போதைக்கு வேண்டாம் என்று பதில் வந்தது. அதற்கு அடுத்த வாரம் அவள் வரவில்லை. "அவுங்க அப்பா போதும்னுட்டாராம்" என்றான் மருமகன். அருவி சீனை முடிக்க வேறு ஆள் இல்லை. அதை விளையாட்டிலிருந்தே எடுத்துவிட்டார்கள்.

இரண்டு மாதம் பொறுத்தேன். பொறுத்தேன் என்பதும் சரியில்லை, பயந்தேன். பிறகு ஒரு காலையில் துண்டை எடுத்து என் நாற்காலியில் போட்டுக்கொண்டு, நடந்ததைச் சொன்னேன். படம் வரைகிற தம்பி, "அண்ணாச்சி, போன பிள்ளைக்காக நீங்க பழிய ஏத்துக்கிடுதியளாக்கும்? பெரிய மனசுதான்" என்றான். யாரும் நம்பவில்லை. என் கமிட்டைத் திறந்து காட்டினேன். வரியைச் சேர்த்த நாள், நீக்கிய நாள், இரண்டிலும் என் பெயர். மருமகன் திரையருகே வந்து இரண்டு தேதிகளையும் படித்தான்.

"இத அன்னைக்கே சொல்லிருந்தா, இனிமே இப்படி நடக்காதுன்னு அவுக கையக் காலப் பிடிச்சாவது இன்னொரு பில்ட் அனுப்பிருப்பனே மாமா. இப்ப சொல்லி என்ன செய்ய."

மறுநாள் வாசுதேவநல்லூருக்கு பஸ் ஏறினேன். அவள் அப்பா வாசல்வரை வந்து அழைத்துப்போனார். முன்னறையில் பொது அறிவுப் புத்தகங்கள் அடுக்கியிருந்தன. இருவரிடமும் எல்லாவற்றையும் சொன்னேன். அவருக்குப் பாதி புரியவில்லை. "இதுக்குப்போய் இம்புட்டு தூரம் வரணுமா அண்ணாச்சி? பிள்ளைக்கு இப்ப ஒரு நல்ல வழி கிடைச்சிருக்கு. காப்பி குடிங்க" என்றார். அவர் கோபப்பட்டிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

அவளுக்கு எல்லாம் புரிந்தது. "ஸ்கிப் லிஸ்ட்லயா சார் போட்டிய" என்று மட்டும் கேட்டாள். நான் தலையாட்டினேன்.

"மருமகன் உன்னைத் திரும்பக் கூப்பிடுதான்மா. நான் வேலைய விட்டுக்கூடப் போயிருதேன்."

"பரிச்சைக்கு எழுதிப் போட்டாச்சு சார்." பிறகு, "இப்ப ஐஞ்சாவது சீன மெஷின் சோதிக்குதா?" என்றாள்.

அந்த சீனே இப்போது இல்லை என்று சொல்ல வேண்டியிருந்தது. சொன்னேன். அவள் காப்பி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டு வந்தாள்.

கிளம்பும்போது, "ஒரு உதவி செய்வியளா சார்" என்றாள். எதுவானாலும் செய்கிறேன் என்றேன்.

"யாரு கமிட் பண்ணாலும் எனக்கு இன்னும் மெயில் வருது. படிச்சிட்டு இருக்கும்போது வந்தா, என்னன்னு பாக்கத் தோணுது. என் பேர அதுல இருந்து எடுத்திருங்க."

அடுத்த நாள் அமைப்புக் கோப்பைத் திறந்தேன். விடப்பட்ட சீன்களின் பட்டியலில் ஒரு பெயர் இருந்தாலும் சிவப்பு வர வேண்டும் என்று ஒரு விதி எழுதினேன். அதன் பிறகு மின்னஞ்சல் பட்டியலில் அவள் முகவரி இருந்த வரியை நீக்கி, கமிட் செய்தேன். அதுவும் ஒரு கமிட்தான் என்பதால் மெஷின் எழுந்து, எல்லாவற்றையும் புதிதாக இறக்கி, இருக்கிற சீன்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தது. இருபது நிமிடம் கழித்து ஐந்து பேருக்கு மின்னஞ்சல் போனது. பச்சை.